பொருள்: பணம் போடும் மெஷினில் 700 ரிங்கிட் குறைவாக வரவு – மறு விசாரணை கேட்டு

ஜார்ஜ்டவுன், பினாங்கு
29 செப்டம்பர் 2025

புகார்ப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். லெபோ பாசாரில் பூக்கடை நடத்துகிறேன். 4417 என்று முடியும் நடப்புக் கணக்கு என்னுடையது. போன வாரம் நான் அனுப்பிய மின்னஞ்சலை விட்டுவிட்டு இந்தக் கடிதத்தையே என் புகாராக எடுத்துக்கொள்ளுங்கள். விஷயம் அதேதான், இதில் நடந்ததை மட்டும் வரிசையாக எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் 6, சனிக்கிழமை இரவு 7.12-க்கு உங்கள் கிளை வாசலில் உள்ள மெஷினில் 2,000 ரிங்கிட் போட்டேன், எல்லாமே 50 ரிங்கிட் நோட்டு, மொத்தம் 40. நோட்டுகளை உள்ளே இழுத்து எண்ணிக்கொண்டிருந்த மெஷின் பாதியில் நின்றது, திரையில் "Transaction cannot be completed" என்று வந்தது, ரசீதும் வரவில்லை, ஒரு நோட்டுகூடத் திரும்பி வரவில்லை. திரையை அப்போதே படம் எடுத்தேன். மறுநாள் கணக்கில் ஏறியிருந்தது 1,300 ரிங்கிட். அதாவது 14 நோட்டுக்குக் கணக்கு இல்லை.

செப்டம்பர் 19 அன்று எனக்கு வந்த பதிலில், "எங்கள் பதிவின்படி பெறப்பட்டது 1,300 மட்டுமே" என்று ஒரே வரி. மன்னிக்கவும், இதை விசாரணை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. பாதியில் நின்ற மெஷின் எண்ணிய எண்ணிக்கையைத்தானே நான் கேள்வி கேட்கிறேன், அதற்குச் சாட்சியாக அதே எண்ணிக்கையைக் காட்டினால் எப்படி? அந்த மெஷினைத் திறந்து பணத்தை எடுத்தபோது கையால் எண்ணியது எவ்வளவு, மெஷின் சொன்னதைவிடக் கூடுதலாக ஏதும் இருந்ததா, சிக்கிய நோட்டும் ஏற்காத நோட்டும் விழும் பெட்டியைப் பார்த்தார்களா, இவைதான் எனக்குத் தெரிய வேண்டும். 7.10 முதல் 7.25 வரையிலான கேமராப் பதிவையும் அழிந்துவிடாமல் எடுத்து வையுங்கள். இது அவசரம்.

சோதித்த பிறகு பணம் கூடுதலாக இருந்தது தெரிந்தால், 700 ரிங்கிட்டை என் கணக்கில் வரவு வையுங்கள். இல்லை என்றால், எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதை விளக்கி, இறுதி முடிவு என்று தெளிவாகக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுங்கள். அந்தக் கடிதத்தை வைத்து நான் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவைக்குப் போக முடியும். 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் அந்தச் சேவையில் வாடிக்கையாளருக்குக் கட்டணம் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். அதுவரை போகாமல் இங்கேயே முடிந்தால் இருவருக்கும் நல்லது.

அக்டோபர் 13-க்குள் பதில் வேண்டும். கூடுதல் நாள் தேவை என்றால் எந்தத் தேதி என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், காத்திருக்கிறேன். கவுண்டரில் இருந்த தங்கை பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார், அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

திரையின் படம், அன்றைய கடைக் கணக்குப் பக்கம், செப்டம்பர் மாதக் கணக்கறிக்கை, உங்கள் 19-ஆம் தேதிப் பதில் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். என்னை அழைக்க, வங்கியில் பதிவான கைப்பேசி எண்ணே போதும். காலை 11-க்குப் பிறகு அழைத்தால் நல்லது, அதற்கு முன் மாலை கட்டும் நேரம்.

இப்படிக்கு,
கலைச்செல்வி