பொருள்: ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ (ஓ) மேனுவல் பெட்ரோல், மேக்மா கிரே – எழுத்துப்பூர்வ விலைப்புள்ளி 18-ஆம் தேதிக்குள் தேவை

விற்பனை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மாருதி சுசூகி ஸ்விஃப்ட் ஒன்று இந்த மாதம் வாங்குகிறேன். இதே மின்னஞ்சலைக் கோவையில் மூன்று ஷோரூம்களுக்கும் திருப்பூரில் ஒன்றுக்கும் அனுப்பியுள்ளேன். எல்லாரும் ஒரே வண்டிக்கு விலை சொன்னால்தான் ஒப்பிட முடியும் என்பதால் விவரத்தைத் தெளிவாகத் தருகிறேன்.

வேரியன்ட் வி.எக்ஸ்.ஐ (ஓ). வெறும் வி.எக்ஸ்.ஐ அல்ல, பெயர்கள் ஒத்திருப்பதால் விலை மாறிவிடுகிறது, கவனிக்கவும். 1.2 லிட்டர் பெட்ரோல், 5 கியர் மேனுவல். ஏ.எம்.டி, சி.என்.ஜி வேண்டாம். பதிவு என் பெயரில், தனிநபர் பயன்பாட்டுக்கு, கோவை வடக்கு ஆர்.டி.ஓ.வில்.

"ஆன்ரோடு இவ்வளவு" என்ற ஒற்றைத் தொகை எனக்குப் பயன்படாது. ஷோரூம் விலை, ஆயுள் வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக் ஆகியவற்றைத் தனித்தனி வரியில் தரவும். ஹேண்ட்லிங், லாஜிஸ்டிக்ஸ், டெப்போ என எந்தப் பெயரிலும் கூடுதல் கட்டணம் தர மாட்டேன். ஆக்சஸரீஸ் பேக், நீட்டிக்கப்பட்ட வாரன்டி, கோட்டிங் எதையும் மொத்தத்தில் சேர்க்க வேண்டாம். வாரன்டி விலையை மட்டும் கடைசியில் தனியாகக் குறிப்பிடுங்கள்.

பெரிய வித்தியாசம் வருவது இன்சூரன்ஸில்தான். ஓராண்டு சொந்தச் சேதம், மூன்றாண்டு மூன்றாம் நபர், ஜீரோ டெப்ரிசியேஷன்: இந்த மூன்று மட்டும். ஐ.டி.வி. ஷோரூம் விலையில் 95% என்று வைத்து, நிறுவனத்தின் பெயரோடு பிரீமியத்தைக் காட்டுங்கள். ஐ.டி.வி.யைக் குறைத்தால் பிரீமியம் மலிவாகத் தெரியும், வண்டி திருடுபோனால் நஷ்டம் எனக்கு. பழைய காரை விற்றுவிட்டேன், 50% என்.சி.பி. கடிதம் கையில் இருக்கிறது. அதைக் கழித்தும் கழிக்காமலும் இரண்டு தொகை தேவை. பாலிசியை வெளியே எடுத்தால் உங்கள் தள்ளுபடி குறையுமா என்பதையும் எழுதுங்கள்.

தள்ளுபடியில் நிறுவனச் சலுகை எவ்வளவு, ஷோரூம் தருவது எவ்வளவு என்று பிரித்துக் காட்டவும். எக்ஸ்சேஞ்ச், கார்ப்பரேட் சலுகைகளுக்கு எனக்குத் தகுதி இல்லை, அவற்றைக் கழிக்காதீர்கள். கடன் என் வங்கியிலேயே. ஹைபாதிகேஷன் பதிவுச் செலவை மட்டும் சேர்க்கவும்.

வண்டி ஸ்டாக்கில் உள்ளதா, இல்லையென்றால் எத்தனை நாள்? ஸ்டாக்கில் இருந்தால் தயாரிப்பு மாதமும் ஆண்டும் வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் யார்டில் நின்ற வண்டி என்றால் வாங்க மாட்டேன். சேசிஸ் எண் ஒதுக்கியதும், பதிவுக்கு முன் நானே வந்து வண்டியைப் பார்ப்பேன். முன்பதிவுத் தொகை எவ்வளவு, ரத்து செய்தால் முழுதும் திரும்புமா, டெலிவரிக்கு முன் விலை ஏறினால் எந்த விலை பொருந்தும் என்பதும் கடிதத்தில் இருக்கட்டும்.

லெட்டர்ஹெட்டில், முத்திரை, கையொப்பத்துடன் பி.டி.எஃப். ஆக, 18-ஆம் தேதி மாலை 5 மணிக்குள் இந்த முகவரிக்கே அனுப்பவும். குறைந்தது 10 நாள் அந்த விலை செல்லுபடியாக வேண்டும். தொலைபேசியில் சொல்லும் விலையை ஒப்பீட்டில் சேர்க்க மாட்டேன். 20-ஆம் தேதி முடிவைத் தெரிவிப்பேன், ஆர்டர் கிடைக்காத ஷோரூம்களுக்கும்.

நன்றி,
செந்தில்குமார்
சரவணம்பட்டி, கோயம்புத்தூர்