கவனச் செய்திகளின் கீழ் வாசகர் கருத்துகள்: நடைமுறை விதிகள்

பெறுநர்: கருத்துப் பிரிவின் இரண்டு ஷிப்ட் நண்பர்கள், செய்திப் பிரிவு உதவி ஆசிரியர்கள்
நடைமுறைக்கு வருவது: வரும் திங்கள்கிழமை காலை 6 மணி

பாலியல் குற்றம், தற்கொலை, சாதிக் கொலை, மத மோதல், சிறார் தொடர்பான வழக்கு, உயிர்ப்பலி வாங்கிய விபத்து ஆகியவை பற்றிய செய்திகளை இனி 'கவனச் செய்தி' என்று குறிப்போம். செய்தியை ஏற்றும் உதவி ஆசிரியரே அதற்கான பெட்டியில் டிக் செய்ய வேண்டும். கருத்துகள் குவிந்த பிறகு யாராவது கவனித்துச் சொல்லட்டும் என்று விடக்கூடாது.

வசைச் சொற்களைப் பெரும்பாலும் வடிகட்டியே பிடித்துவிடுகிறது. எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைத்தும், ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியும் வருபவை மட்டும் தப்பும். அவற்றைப் பார்த்தவுடன் நீக்குங்கள், யோசிக்க ஒன்றும் இல்லை. உண்மையான ஆபத்து நல்ல தமிழில், பல நேரம் நல்ல மனத்தோடு எழுதப்படும் கருத்துகளில்தான் இருக்கிறது. இந்த விதிகளில் பெரும்பகுதி அவற்றைப் பற்றியது.

அடையாளம்

பாலியல் குற்றச் செய்திகளிலும் போக்சோ வழக்குச் செய்திகளிலும் கருத்துப் பகுதி மூடியே இருக்கும். இதற்கு விதிவிலக்கு கிடையாது. ஆனால் அதே வழக்கையொட்டி வரும் போராட்டச் செய்தி, சட்டமன்ற விவாதம், தீர்ப்பு பற்றிய கட்டுரை ஆகியவற்றில் முன் அனுமதியோடு கருத்துகள் வரும். அடையாளம் கசிவது அங்கேதான். மாதிரிக்கு ஒன்று:

"பாவம் அந்தப் பிள்ளை. எங்கள் தெருதான். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஃபேன்சி ஸ்டோர் வைத்திருப்பவரின் மூத்த மகள். நன்றாகப் படிப்பாள். குற்றவாளிகளைத் தூக்கில் போட வேண்டும்."

இதில் பெயர் இல்லை, வசை இல்லை, இரக்கம்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த ஊரில் உள்ள ஒவ்வொருவருக்கும் அந்தப் பெண் யார் என்று இது சொல்லிவிடுகிறது. நிராகரிக்க வேண்டும். பெயர் மட்டுமல்ல, தொலைவிலிருந்து அடையாளம் காட்டக்கூடிய எந்த விவரமும் வெளியாகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் நிபுன் சக்சேனா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலும் இதுவே நடைமுறை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவின்படி இதற்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. குழந்தைகள் என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு குடும்பம், பள்ளி, வசிக்கும் பகுதி ஆகியவற்றைச் சொல்வதையும் தடுக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் சிறார் என்றால் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு அவருக்கும் அதே பாதுகாப்பைத் தருகிறது. "அவன் பெயரையாவது போடுங்கள்" என்று வாசகர்கள் எத்தனை கோபமாக எழுதினாலும் போடக்கூடாது.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வழக்கின் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்ததை எல்லாரும் அறிவோம். அந்த மாணவிக்கு அரசு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படிப்பட்ட ஆவணத்தின் இணைப்பையோ படத்தையோ யாராவது கருத்தில் ஒட்டினால் நிராகரித்துவிட்டு, அவரது கணக்கையும் ஷிப்ட் பொறுப்பாளரிடம் சொல்லி நிறுத்திவையுங்கள்.

தற்கொலை

தனி ஒருவரின் மரணம் பற்றிய செய்தியில் கருத்துகள் இல்லை. செய்தியின் அடியில் உதவி எண்கள் இருக்க வேண்டும்: டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் 104. நீட், கடன் தொல்லை, பணிச்சுமை என்று பொதுவாக எழுதும் கட்டுரைகளில் முன் அனுமதி. அங்கே முறை, பொருள், இடம் ஆகியவற்றைச் சொல்லும் கருத்தும், "தைரியமான முடிவு", "கோழை" போன்ற தீர்ப்புகளும் கூடாது.

"எனக்கும் இப்படித்தான் தோன்றுகிறது, வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை" என்று ஒருவர் எழுதினால், வழக்கமான நிராகரிப்புப் பட்டனை அழுத்தாதீர்கள். அது 'உங்கள் கருத்து விதிமீறல்' என்ற தானியங்கி மடலை அனுப்பிவிடும். அந்த நிலையில் இருப்பவருக்கு அப்படி ஒரு மடல் போகவே கூடாது. கருத்தை நிறுத்திவையுங்கள், அவர் பதிவு செய்த மின்னஞ்சலுக்கு இதை அனுப்புங்கள்: "நீங்கள் எழுதியதைப் படித்தோம். 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தயவுசெய்து இப்போதே அழையுங்கள்." நீங்களாக அறிவுரை எதையும் சேர்க்க வேண்டாம். உடனே பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழையுங்கள். குழுவில் செய்தி போட்டுவிட்டுக் காத்திருப்பது போதாது.

சாதி, மதம்

முன் அனுமதி கட்டாயம். கொல்லப்பட்டவரின் அல்லது கைதானவரின் சாதியை ஊகிக்கும் கருத்து, "எந்த ஊர் ஆளுங்க?" என்று நாசூக்காகக் கேட்பது, கொலைக்கு நியாயம் கற்பிப்பது மூன்றும் நீக்கப்படும். "பெற்றவர்களின் வயிற்றெரிச்சல் பெற்றவர்களுக்குத்தான் தெரியும்" என்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு பெற்றோரின் ஆதங்கம். ஆணவக் கொலைச் செய்தியின் கீழ் அது கொலைக்குச் சமாதானம். செய்தி எது என்பதைப் பார்த்துத்தான் கருத்தை எடைபோட வேண்டும். 'நாடகக் காதல்' என்ற பிரயோகமும் அப்படியே. அந்த அரசியலை ஆராயும் கட்டுரையின் கீழ் விவாதத்துக்கு வரலாம், பிணம் இன்னும் பிணவறையில் இருக்கும்போது வரக்கூடாது.

நீக்கக் கூடாதவை

காவல் துறை, அரசு, நீதிமன்றத் தீர்ப்பு, கட்சி, நம் செய்தி ஆகியவற்றின் மீதான விமர்சனத்தை, அது எவ்வளவு காட்டமாக இருந்தாலும், அனுமதியுங்கள். 'தலைப்பு கேவலமாக இருக்கிறது' என்று நம்மைத் திட்டுவதும் இதில் அடங்கும். 2015 மார்ச்சில் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 66-ஏ பிரிவை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், எரிச்சலூட்டும் பேச்சு குற்றமாகாது என்பதை அழுத்தமாகச் சொன்னது. கருத்தை நீக்கச் சொல்லி யார் தொலைபேசியில் அழைத்தாலும், எந்தக் கட்சிப் பிரமுகராக இருந்தாலும், எழுத்தில் கேட்கச் சொல்லி ஆசிரியருக்கு அனுப்புங்கள்.

வேலை நடக்கும் விதம்

கருத்தைத் திருத்தாதீர்கள். ஒரு வரியை வெட்டிவிட்டு மீதியைப் போட்டால் அது வாசகரின் பேச்சாக இருக்காது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு தரும் பாதுகாப்பும் பலவீனமாகும். முழுதாக அனுமதியுங்கள், அல்லது முழுதாக நிராகரித்துக் காரணத்தைச் சொல்லுங்கள். அவர் மாற்றி எழுதி அனுப்பட்டும்.

வடிகட்டி இருக்கிறது என்று சாய்ந்து உட்காரவும் வேண்டாம். எஸ்தோனியாவின் டெல்ஃபி தளத்திலும் சொல் வடிகட்டி இருந்தது, புகார் பட்டனும் இருந்தது. 2006-இல் ஒரு கப்பல் நிறுவனம் பற்றிய செய்திக்கு வந்த 185 கருத்துகளில் சுமார் 20 மிரட்டலும் வசையுமாக இருந்தன. ஆறு வாரம் அப்படியே கிடந்தன. தளமே பொறுப்பு என்ற உள்நாட்டுத் தீர்ப்பை 2015-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஏற்றது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நம் வடிகட்டியும் அதே வகைதான்.

இரவு 10 மணி முதல் காலை 6 வரை கவனச் செய்திகளில் எதுவும் வெளியாகாது. விபத்துச் செய்தியில் "அது என் தம்பி, வயது தவறு" என்று வந்தால் வெளியிடாமல் செய்தி மேசைக்கு உடனே கொடுங்கள். அந்தக் குடும்பத்தை நம் நிருபர் பேட்டி கேட்டுத் துரத்தக் கூடாது. பிழையைத் திருத்தினால் போதும்.

கொலை, வன்கொடுமைச் செய்திகளின் வரிசையில் யாரும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்கார வேண்டாம். மாற்றிவிடச் சொல்லிக் கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

வெளியாகி 30 நாள் ஆன கவனச் செய்திகளில் கருத்துப் பகுதி தானாக மூடிக்கொள்ளும். ஏற்கெனவே கிடக்கும் பழைய கருத்துகளை, பாலியல் குற்றச் செய்திகளில் தொடங்கி, காலை ஷிப்டில் இருவர் வீதம் படித்து நீக்கப்போகிறோம். யார் எந்த ஆண்டு என்ற பட்டியல் சனிக்கிழமை வரும்.

— ஆசிரியர், வாசகர் கருத்துப் பிரிவு