பதவி விலகல் கடிதம்

கண்டி
09.06.2025

முகாமையாளர்,
பொறியியல் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

சிரேஷ்ட தர உறுதிப் பொறியியலாளர் பதவியிலிருந்து விலகுகிறேன். என் கடைசி வேலை நாள் 15.08.2025, வெள்ளிக்கிழமை. கணவருக்கு மெல்பேர்னில் வேலை கிடைத்திருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் மகளையும் கூட்டிக்கொண்டு குடும்பமாகப் போகிறோம். முடிவை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. விசா கைக்கு வரும்வரை சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். போன வெள்ளிக்கிழமை அது வந்துவிட்டது.

ஒப்பந்தப்படி ஒரு மாத முன்னறிவித்தல் போதும். நான் இரண்டு மாதத்துக்கு மேல் தருவதற்குக் காரணம் சம்பளக் கணக்கு. நம்முடைய கொழுந்து நிறுவைச் செயலி பிழைவிட்டால் அது திரையில் தெரிவதில்லை, 10ஆம் திகதி தோட்டத்தில் சம்பளம் கொடுக்கும்போதுதான் தெரியும். ஜூன் கணக்கை நான் சோதிப்பேன், தர்ஷினியும் கிஷோரும் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். ஜூலைக் கணக்கை அவர்கள் சோதிக்கட்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன். இரண்டு சம்பளம் தாண்டாமல் இந்த வேலையை ஒப்படைத்ததாக என்னால் சொல்ல முடியாது.

2022இல் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். காலை, பகல் நிறுவை ஒரு தொலைபேசியில், மாலை நிறுவை இன்னொன்றில். மலையில் சிக்னல் இல்லாததால் மாலைப் பதிவு மறுநாள்தான் வந்தது. அதற்குள் செயலி அன்றைய கணக்கை மூடி, கிலோ குறைகிறது என்று பதினொரு பெண்களுக்கு அரைப் பேர் போட்டுவிட்டது. அந்தப் பதிப்புக்கு ஒப்புதல் கொடுத்தது நான். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கவனித்ததால் அந்த மாதமே சரிசெய்தோம். என் அம்மாவும் இருபத்தாறு வருடம் கொழுந்து எடுத்தவர். அரைப் பேர் விழுந்த நாளில் வீட்டில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எழுதிய சோதனைகள்தான் நான் விட்டுப்போகும் மிக முக்கியமான பொருள். அவற்றைத் தனியாக ஓட்ட:

```
npx playwright test --grep @sync
```

இதில் ஒன்று விழுந்தாலும் பதிப்பு வெளியே போகக்கூடாது, வாடிக்கையாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. இந்த விதியை எழுத்தில் உறுதிப்படுத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் இருக்கும்வரை வாய்ப்பேச்சாகவே நடந்துவிட்டது, இனி அது போதாது.

தானியங்கிச் சோதனைகளில் பதினான்கு, காரணமில்லாமல் சில நாள் விழும், சில நாள் தேறும். ஜூன் மாதத்துக்குள் அவற்றைத் திருத்துவேன், முடியாதவற்றை நீக்கிவிடுவேன். மீதிச் சோதனைக் குறிப்புகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தருகிறேன். என் பெயரில் இருக்கும் கணக்குகளையும் சாவிகளையும் ஜூலை முதல் வாரமே மாற்றிவிடலாம். அலுமாரியில் உள்ள ஆறு பழைய தொலைபேசிகளைத் தயவுசெய்து வீசிவிடாதீர்கள். தோட்டத்தில் நிறுவை எடுப்பவர்களிடம் இருப்பதும் அப்படிப்பட்டவைதான், நல்ல தொலைபேசியில் அந்தப் பிழைகள் வராது.

இன்னொரு வேண்டுகோள். ஜூலையில் இருவரையும் இரண்டு நாள் பொகவந்தலாவைப் பக்கம் கூட்டிப்போக அனுமதி வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலம் அது. நனைந்த விரலுக்குத் திரை எப்படிப் பணியாது, ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கும்போது செக்ரோல் எண்ணைப் பார்க்காமல் எப்படிப் பதிகிறார்கள், இதெல்லாம் கண்டி அலுவலகத்தில் உட்கார்ந்து விளங்காது. பிரட்டுக்களத்தில் காலை ஆறரைக்கு நின்று பார்த்தால் விளங்கும்.

என் இடத்துக்கு வெளியே ஆள் தேடுமுன் தர்ஷினியை யோசியுங்கள். அனுபவம் நான்கு வருடம்தான், ஆனால் "இது சரியில்லை" என்று கூட்டத்தில் எழுந்து சொல்லக்கூடியவர். இந்த வேலைக்கு முதலில் வேண்டியது அதுதான். கிஷோர் தானியங்கிச் சோதனையில் என்னைவிடக் கெட்டிக்காரர்.

போன பிறகும் செப்டெம்பர் முடியும்வரை சனிக்கிழமைகளில் ஒரு மணிநேரம் அழைப்பில் இருப்பேன், அதற்குக் கட்டணம் வேண்டாம். மெல்பேர்ன் அப்போது நமக்கு நாலரை மணிநேரம் முன்னால், இங்கே பிற்பகல் 2 மணி என்றால் வசதி. கேள்விக்குப் பதில் மட்டும் சொல்வேன். தோட்டத் தரவைத் திறக்கும் அனுமதி என்னிடம் இருக்கக்கூடாது, கடைசி நாளே அதை நிறுத்திவிடுங்கள்.

2018 பெப்ரவரியில் சேர்ந்தேன். ஏழு வருடச் சேவைக்கான பணிக்கொடை, சேவைக் கடிதம், ஊழியர் சேமலாப நிதி ஆவணங்கள் ஆகியவற்றைக் கடைசி நாளுக்கு முன் ஆயத்தப்படுத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மீதி விடுமுறையில் பயண வேலைக்காகக் கொழும்பு போக மூன்று நாள் மட்டும் எடுப்பேன்.

ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்த எனக்கு, மகள் பிறந்த வருடம் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கொடுத்தீர்கள். அதை மறக்கமாட்டேன். குழுவிடம் நானே சொல்ல விரும்புகிறேன், புதன்கிழமைக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
யோகேஸ்வரி
சிரேஷ்ட தர உறுதிப் பொறியியலாளர்