12.11.2025 புதன்கிழமை நூல் லோடு இறக்குவதற்கு டாக் நேரம் ஒதுக்கக் கோருதல்

நாள்: 10.11.2025, திங்கள்கிழமை

அனுப்புநர்:
அனுப்புகைப் பிரிவு மேலாளர்,
நூற்பாலை, உடுமலைப்பேட்டை.

பெறுநர்:
கிடங்கு மேலாளர்,
பின்னலாடை மூலப்பொருள் கிடங்கு,
பெருமாநல்லூர், திருப்பூர் மாவட்டம்.

பொருள்: கொள்முதல் ஆணை எண் 1184, இரண்டாம் தவணை, 140 மூட்டை கோம்டு ஹோசியரி நூல்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

மேற்கண்ட ஆணையின் இரண்டாம் தவணை நூல் பேக்கிங் முடிந்து தயாராக உள்ளது. நாளை செவ்வாய் இரவு வண்டியில் ஏற்றி, புதன்கிழமை காலை அனுப்பத் திட்டமிட்டுள்ளோம். அன்று காலை 10.30 முதல் பகல் 12.45 வரை, கூரை உள்ள டாக் ஒன்றை எங்கள் வண்டிக்கு ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

சரக்கு இரண்டு கவுண்ட்டாக வருகிறது. 30-ஆம் கவுண்ட் 100 மூட்டை, 34-ஆம் கவுண்ட் 40 மூட்டை. ஒவ்வொரு மூட்டையிலும் 2.5 கிலோ கோன்கள் 24 என்ற கணக்கில் நிகர எடை 60 கிலோ. ஆக மொத்த நிகர எடை 8,400 கிலோ. பையும் கோன் குழாயும் சேர்த்து வண்டியில் இருக்கும் எடை அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதால், எங்கள் எடைமேடைச் சீட்டைப் பில்லுடன் இணைத்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறோம். 30-ஆம் கவுண்ட் கோன்களின் குழாயில் பச்சைக் கோடும், 34-ஆம் கவுண்டில் இளஞ்சிவப்புக் கோடும் இருக்கும். மூட்டையின் வாய்ப்புறம் ஒட்டியுள்ள சீட்டில் கவுண்ட், லாட் எண், மூட்டை எண் மூன்றும் அச்சிடப்பட்டுள்ளன.

30-ஆம் கவுண்டிலேயே இரண்டு லாட்கள் உள்ளன என்பதைத் தனியாகக் குறிப்பிட விரும்புகிறோம். லாட் 207-இல் 64 மூட்டையும், லாட் 208-இல் 36 மூட்டையும் வருகின்றன. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒரே நூல்தான். ஆனால் ஒரே நிட்டிங் மெஷினில் இரண்டையும் கலந்து ஓட்டினால், துணி சாயம் ஏறி வந்த பிறகு குறுக்கே பட்டை பட்டையாகத் தெரியும் என்பது தாங்கள் அறிந்ததே. அதனால் 34-ஆம் கவுண்டைக் கேபின் பக்கமும், அதை அடுத்து லாட் 208-ஐயும், பின் கதவை ஒட்டி லாட் 207-ஐயும் வைத்து, இடையிடையே வெள்ளைத் துணி விரித்து ஏற்றச் சொல்லியிருக்கிறோம். இறக்கும்போது அதே வரிசையில் மூன்று தனி அட்டிகளாக அடுக்கத் தங்கள் கிடங்கில் மூன்று இடம் முன்கூட்டியே காலியாக இருந்தால், மூட்டைகளை இரண்டாம் முறை தூக்கும் வேலை மிச்சமாகும். வேறு வரிசையில் இறக்குவதே தங்களுக்கு வசதி என்றால், நாளை மாலை 5 மணிக்கு முன் தெரிவித்தால் ஏற்றும் வரிசையையே மாற்றிவிடுவோம். ஏற்றிய பிறகு அது இயலாது.

வண்டி ஆறு சக்கரத் திறந்த பாடி லாரி. பாடியின் நீளம் 22 அடி. தார்ப்பாய் கட்டிய நிலையில் தரையிலிருந்து உயரம் சுமார் 11.5 அடி வரும். பின் கதவு கீழே இறங்கும் வகை என்பதால், பின்புறமாக டாக்கை ஒட்டி நிறுத்தி இறக்கலாம். வண்டித் தளம் நான்கு அடிக்குச் சற்று மேலாக இருப்பதால், டாக்கிற்கும் தளத்திற்கும் இடையே போட ஓர் இரும்புத் தகடு தேவைப்படும். வண்டியிலேயே ஒரு தகடு வைத்து அனுப்புகிறோம் என்றாலும், கைவண்டி உருளும் அளவுக்கு அகலமானது தங்களிடம் இருந்தால் அதையே பயன்படுத்துவது நல்லது. தங்கள் கிடங்கின் மேற்குப் பக்க டாக்கில் கூரை தாழ்வு என்று ஓட்டுநர் சொல்கிறார். 12 அடிக்குக் குறைவான இடமாக இருந்தால் வேறு டாக்கைக் கொடுத்து உதவ வேண்டும்.

கூரையை வலியுறுத்தக் காரணம் மழை. நம் பக்கம் மற்ற மாதங்களில் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தாலும், ஐப்பசியில் எந்நேரம் கொட்டும் என்று சொல்ல முடிவதில்லை. தார்ப்பாயை அவிழ்த்துவிட்டுத் திறந்த வெளியில் இறக்கும்போது தூறல் விழுந்தால், நனைந்த மூட்டையைத் தாங்களும் ஏற்க முடியாது, நாங்களும் அதை வேறு எவருக்கும் விற்க முடியாது.

நேரக் கணக்கைப் பொறுத்தவரை, வண்டி காலை 7 மணிக்கு இங்கிருந்து புறப்படும். காலை 8.30 மணி ஷிப்ட்டுக்கு ஆட்களை ஏற்றி வரும் கம்பெனிப் பேருந்துகளின் நெரிசலில் திருப்பூர் ஊருக்குள் சிக்காமல், பல்லடம், மங்கலம், அவிநாசி வழியாகத் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து வரச் சொல்லியிருக்கிறோம். 10 மணிக்குள் தங்கள் கேட்டில் பதிவு செய்துவிடலாம். தார்ப்பாய் பிரித்துப் பில் சரிபார்க்கக் கால் மணி நேரமும், நான்கு லோடுமேன்கள் இருந்தால் மூட்டைகளை இறக்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமும், எடைச் சோதனைக்கு இருபது நிமிடமும் ஆகும் என்று மதிப்பிடுகிறோம். ஆணையின்படி இறக்கு கூலி தங்கள் பொறுப்பில் இருப்பதால் ஆட்களைத் தாங்களே நிறுத்த வேண்டும். அவர்கள் மூட்டையில் கொக்கி போட்டு இழுக்காதபடி மட்டும் பார்த்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறோம். கொக்கி பை வழியாகக் கோனில் இறங்கினால் அந்தக் கோன் மெஷினில் அறுந்துகொண்டே இருக்கும்.

எடைச் சோதனைக்குத் தாங்கள் விரும்பும் 10 மூட்டைகளை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதை வண்டி நிற்கும்போதே, ஓட்டுநர் முன்னிலையில் முடித்துவிடுமாறு கோருகிறோம். பருத்தி நூல் காற்றின் ஈரத்திற்கேற்ப எடை கூடிக் குறையும் இயல்புடையது. அப்போதே முடித்துவிட்டால், இரண்டு நாள் கழித்து நிறுத்தால் வரும் வித்தியாசத்தை யாருடைய கணக்கில் எழுதுவது என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போகும்.

முதல் தவணையில் கோன் உடைந்ததாகத் தாங்கள் ஒதுக்கி வைத்த 5 மூட்டைகளை இதே வண்டியில் திரும்ப எடுத்து வருகிறோம். அவற்றை டாக் அருகே கொண்டு வைத்தால், இறக்கி முடித்ததும் பத்து நிமிடத்தில் ஏற்றிவிடலாம். மாநிலத்துக்குள் செல்லும் சரக்கின் மதிப்பு 1 லட்சம் ரூபாய்க்குள் அடங்குவதால் இதற்கு இ-வே பில் தேவைப்படாது. தங்கள் கையொப்பமிட்ட டெலிவரி சலானும் கேட் பாஸும் போதும்.

எங்கள் லோடுக்கான இ-வே பில்லை ஏற்றும்போது எடுக்காமல், புதன் காலை வண்டி புறப்படும் முன் எடுத்து, வண்டி எண், ஓட்டுநர் விவரத்துடன் தங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புவோம். 200 கிலோமீட்டருக்குட்பட்ட தூரம் என்பதால் அது மறுநாள் நள்ளிரவு வரை செல்லும். ஆகவே புதன்கிழமை டாக் கிடைக்காவிட்டால், வியாழக்கிழமை காலை 7.30 முதல் 9.45 வரை ஒதுக்கினாலும் எங்களுக்குச் சம்மதமே. அந்நிலையில் வண்டியைப் புதன் மாலைதான் கிளப்புவோம். புதன் பிற்பகலை மட்டும் தவிர்க்க வேண்டுகிறோம். லாரிக்கு அன்று மாலை ஈரோட்டில் திரும்பு லோடு பேசியிருப்பதால், தாமதமானால் காத்திருப்புக் கட்டணம் கேட்பார்கள். வழியில் பழுதோ மறியலோ ஏற்பட்டு அரை மணிக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால், ஒதுக்கிய நேரம் தொடங்கும் முன்பே தங்கள் கேட் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிடுவோம். அந்த இடைவெளியில் வேறு வண்டியைத் தாங்கள் உள்ளே விட்டுக்கொள்ளலாம்.

ஒதுக்கப்படும் டாக் எண்ணையும் நேரத்தையும் நாளை, 11.11.2025 பிற்பகல் 3 மணிக்குள் இந்த மின்னஞ்சலுக்கே பதிலாகத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அனுப்புகைப் பிரிவு மேலாளர்,
நூற்பாலை, உடுமலைப்பேட்டை.

இணைப்பு: பேக்கிங் பட்டியல், லாட் வாரியான மூட்டை எண்கள், நூல் பரிசோதனை அறிக்கை.