டெல்டா மாவட்டங்களுக்கான ஏக விநியோக உரிமை கோரும் கடிதம்

மன்னார்குடி
10.02.2025

பெறுநர்:
விற்பனைப் பிரிவு இயக்குநர்,
நீர்மூழ்கி பம்ப் உற்பத்தி நிறுவனம்,
கோயம்புத்தூர்.

ஐயா, வணக்கம்.

திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மூன்று மாவட்டங்களுக்கும் தங்கள் 5 மற்றும் 7.5 எச்.பி. நீர்மூழ்கி பம்புகளின் ஏக விநியோகஸ்தராக எங்களை நியமிக்கக் கேட்டுக்கொள்கிறோம். அதற்கு ஈடாக, 2025 ஏப்ரல் தொடங்கி ஓராண்டில் 1,200 பம்புகள் எடுப்பதாக எழுத்தில் உறுதி தருகிறோம்.

இந்த எண்ணிக்கையைக் காலாண்டுக்கு 300 என்று சமமாகப் பிரிக்க வேண்டாம். மேட்டூர் திறப்பை ஒட்டிக் குறுவைக்கு நாற்று விடும்போதுதான் வியாபாரம் சூடு பிடிக்கும். வடகிழக்குப் பருவமழையில் பம்ப் கேட்டு ஆளே வராது. ஆகவே ஏப்ரல்–ஜூனில் 480, ஜூலை–செப்டம்பரில் 300, அக்டோபர்–டிசம்பரில் 120, ஜனவரி–மார்ச்சில் 300. அடுத்தடுத்து இரண்டு காலாண்டுகள் 80 சதவீதத்துக்குக் கீழே போனால், 60 நாள் அறிவிப்பில் ஏக உரிமையைத் தாங்கள் விலக்கிக்கொள்ளலாம்.

ரூ.15 லட்சத்துக்கு வங்கி உத்தரவாதம் தருகிறோம். பில் தேதியிலிருந்து 30 நாளில் பணம். 7 நாளில் கட்டினால் 2 சதவீதத் தள்ளுபடி கேட்கிறோம். எங்கள் மார்ஜின் 8 சதவீதம் போதும்.

ஏக உரிமை கேட்பதற்குக் காரணம் சர்வீஸ். ஒரே ஊருக்கு இரண்டு வழியில் சரக்கு வந்தால் விலையைக் குறைத்து விற்றவர் ஒதுங்கிக்கொள்வார். காயில் எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு விவசாயி கடை கடையாக அலைவார். இங்கே காயில் எரிவது பெரும்பாலும் மோட்டாரின் குறையால் அல்ல. எல்லா போரும் ஒரே நேரத்தில் ஓடும்போது வோல்டேஜ் இறங்குகிறது, அல்லது மூன்று பேஸில் ஒன்று போய்விடுகிறது. எனவே சிங்கிள் பேஸிங் தடுப்பான் உள்ள பேனல் இல்லாமல் எந்த பம்பையும் கடையிலிருந்து வெளியே விடமாட்டோம். வேதாரண்யம் பக்கம் உப்புத் தண்ணீர். அங்கே வார்ப்பிரும்பு இம்பெல்லர் அரித்துப்போகும் என்பதால் துருப்பிடிக்காத எஃகு மாடல் மட்டுமே விற்போம்.

மன்னார்குடியிலும் சீர்காழியிலும் ரீவைண்டிங் பட்டறை, 45 நாள் இருப்பு, புஷ், த்ரஸ்ட் பேரிங், இம்பெல்லர் எல்லாம் எங்கள் செலவில். புகார் வந்த 48 மணி நேரத்தில் ஆள் போர் அருகே நிற்பார்.

தாங்கள் செய்ய வேண்டியவை இரண்டு. ஒவ்வொரு பம்பின் வரிசை எண்ணையும் பில்லில் அச்சிடுங்கள். வேறு மாவட்டத்துச் சரக்கு எங்கள் எல்லைக்குள் வந்தால் யார் விட்டது என்பது அதிலேயே தெரியும். குறுவைக்கான முதல் 200 பம்புகள் ஏப்ரல் 25-க்குள் வந்து சேர வேண்டும். மே கடைசியில் வந்தால் விவசாயி வேறு பம்பை இறக்கியிருப்பார், எங்கள் 480-ம் அதோடு போய்விடும். டீலர்களின் விற்பனை விலையைக் கட்டிவைக்கும்படி கேட்கவில்லை. போட்டிச் சட்டம், 2002-இன் கீழ் அது சிக்கலாகும்.

ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றும், மூன்றாண்டு வங்கிக் கணக்கு விவரமும், 38 டீலர்களின் பட்டியலும் இணைத்துள்ளோம். பிப்ரவரி 24 முதல் 28-க்குள் ஒரு நாள் சொன்னால் வரைவு ஒப்பந்தத்துடன் கோவை வருகிறோம்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
மின்மோட்டார் மற்றும் பம்ப் மொத்த விற்பனையகம்,
மன்னார்குடி.