பொருள்: ஜூன், ஜூலை மாதங்களில் உங்கள் இணைய இணைப்பில் நடந்த தவறுகளும், உங்கள் கணக்கில் வரவு வைத்துள்ள மூன்று மாதக் கட்டணமும்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். ஜூலை 23ஆம் தேதி நீங்கள் எழுதிய கடிதம் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. பதில் எழுதுவதற்கு முன் உங்கள் கணக்கின் முழுப் பதிவையும் படித்தேன். நீங்கள் எங்கள் உதவி மையத்துடன் பேசிய அழைப்புகளின் ஒலிப்பதிவுகளையும் கேட்டேன். "சிவப்பு விளக்கு எரிகிறது என்று சொல்லிச் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது" என்று கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த ஒலிப்பதிவுகளைக் கேட்ட பிறகு, அந்த வரியில் மிகை எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டேன். முதல் அழைப்பிலேயே அந்த விளக்கைப் பற்றி நீங்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்கள். அடுத்தடுத்துப் பேசிய ஒவ்வொருவரும் அதை முதன்முறையாகக் கேட்பது போலவே கேட்டு, ரவுட்டரை அணைத்துப் போடுமாறு சொல்லியிருக்கிறார்கள்.

இதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இதே சொல் எங்களிடமிருந்து ஏற்கெனவே மூன்று மின்னஞ்சல்களில், ஒரு எழுத்துக்கூட மாறாமல் உங்களுக்கு வந்திருக்கிறது என்பதை அறிவேன். அவை புகார் பதிவானதும் தானாகப் போகும் கடிதங்கள். உங்கள் புகாரைப் படித்து எவரும் எழுதியவை அல்ல. ஆகவே, என்னென்ன தவறுகள் நடந்தன, அவை ஏன் நடந்தன என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, அதன்பின் கணக்கு விவரத்துக்கு வருகிறேன்.

புதிய வீட்டுக்கு ஜூன் 3ஆம் தேதி இணைப்பை மாற்றித் தந்தோம். அது அடிக்கடி அறுபடுவதாக 9ஆம் தேதி முதல் புகாரைப் பதிவு செய்தீர்கள். மறுநாள் வந்த பணியாளர் ரவுட்டரை மாற்றிவிட்டுச் சென்றார். கோளாறு ரவுட்டரில் இல்லை. உங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எல்லா வீடுகளுக்கும் ஃபைபர் கேபிள் பிரிந்து செல்லும் பெட்டிக்குள், உங்கள் வீட்டுக்கான இழை மூடியின் விளிம்பில் சிக்கி, கூர்மையாக வளைந்திருந்தது. ஃபைபர் இழை அளவுக்கு மீறி வளைந்தால் உள்ளே போகும் ஒளி வளைவில் வெளியே கசிந்துவிடும். வேறொரு வீட்டுக்கு இணைப்புத் தர எவராவது அந்தப் பெட்டியைத் திறந்து மூடும்போதெல்லாம் அழுத்தம் மாறி, உங்கள் இணைப்பு அறுந்திருக்கிறது அல்லது தானாகச் சரியாகியிருக்கிறது. "வீட்டில் எதையுமே தொடவில்லை, அதுவாகப் போகிறது, அதுவாக வருகிறது" என்று ஜூன் 27ஆம் தேதி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி.

ஜூலை 24ஆம் தேதி எங்கள் லைன் பணியாளர் பெட்டியைத் திறந்து ஒளியின் அளவைப் பார்த்தபோது மைனஸ் 30 டிபிஎம் காட்டியது. மைனஸ் 27க்குக் கீழே போனால் வீட்டில் உள்ள கருவியால் நிலையாக இயங்க முடியாது. இழையை விடுவித்து, முனையைச் சுத்தம் செய்து, மீண்டும் பொருத்திய பின் அளவு மைனஸ் 20 ஆனது. இந்த அளவீட்டில் பத்து என்பது பத்து மடங்கு. அதாவது அதுவரை உங்கள் வீட்டுக்கு வரவேண்டிய ஒளியில் பத்தில் ஒரு பங்குதான் வந்துகொண்டிருந்தது. இந்த அளவைப் பார்க்கும் கருவி முதல்முறை வந்த பணியாளரின் பையிலும் இருந்தது. ரவுட்டரை மாற்றும் முன் அதை எடுத்துப் பார்த்திருந்தால் ஜூன் 10ஆம் தேதியே எல்லாம் முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு.

அடுத்தது ஜூன் 19. நீங்கள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, காலை 10 மணி முதல் வீட்டில் காத்திருந்தீர்கள். பகல் 12.40க்கு "வீடு பூட்டியிருந்ததால் புகார் முடிக்கப்பட்டது" என்ற குறுஞ்செய்தி உங்களுக்கு வந்தது. அன்று எங்கள் பணியாளர் உங்கள் தெருவுக்கே வரவில்லை. அவருடைய கைப்பேசிச் செயலியின் இருப்பிடப் பதிவு, அந்த நேரத்தில் அவர் வேறொரு பகுதியில் புதிய இணைப்பு ஒன்றை அமைத்துக்கொண்டிருந்ததைக் காட்டுகிறது. அந்த வேலை இழுத்துவிட்டது. குறித்த நேரத்துக்குள் போக முடியாத பணியாளருக்கு எங்கள் செயலி தரும் தேர்வுகள் இரண்டுதான்: வேலை முடிந்தது, அல்லது வாடிக்கையாளர் வீட்டில் இல்லை. "என்னால் போக முடியவில்லை" என்று பதிவு செய்ய அதில் இடமே இல்லை. எதையும் பதிவு செய்யாமல் விட்டால் அவருடைய அன்றைய கணக்கில் குறைவு விழும். அவர் செய்தது தவறு. ஆனால் அந்தத் தவறுக்கு வழி வைத்தது நாங்கள். அதைவிட என்னை வருத்தியது, நீங்கள் உடனே அழைத்து "நான் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன்" என்று சொன்னபோது, எங்கள் தரப்பில் பேசியவர் உங்கள் சொல்லை நம்பாமல் பதிவை நம்பியதுதான். கதவைத் தட்டும் ஓசை உங்களுக்குக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று அவர் சொன்னதை நானே ஒலிப்பதிவில் கேட்டேன். அப்படி ஒரு சொல் உங்களிடம் சொல்லப்பட்டதற்காகத் தனியாக வருந்துகிறேன்.

பண விவகாரத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மாற்றி எடுத்துச் சென்ற பழைய ரவுட்டர் கிடங்கில் வரவு வைக்கப்படாததால், அதன் விலை ஜூலை மாத பில்லில் சேர்ந்துவிட்டது. 10ஆம் தேதி வங்கியிலிருந்து தானாகப் பிடித்தம் ஆகிவிட்டது. நீங்கள் கேட்ட பின் அந்தத் தொகையைத் திருப்பி வைத்தவர்கள், உங்கள் பழைய முகவரியின் மூடப்பட்ட கணக்கில் அதை வைத்துவிட்டார்கள். "பணம் திருப்பித் தரப்பட்டுவிட்டது" என்று உங்களுக்கு இருமுறை பதில் வந்தது அதனால்தான். உங்கள் வங்கிக் கணக்குக்கு ஒரு பைசாவும் வரவில்லை என்பதை எவரும் சரிபார்க்கவில்லை.

கடைசியாக ஜூலை 22. மறுநாள் தேர்வு எழுதவிருந்த மாணவர்களுக்கு நீங்கள் நடத்திய இணையவழிக் கணித வகுப்பு பாதியில் அறுந்து, இரவு முழுவதும் இணைப்பு திரும்பவில்லை. அந்த மாலையை எங்களால் திருப்பித் தர முடியாது. கீழே சொல்லும் எந்தத் தொகையும் அதற்கு ஈடு என்று நான் நினைக்கவில்லை. நீங்களும் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்களுக்குச் சேர வேண்டியதையும், நாங்களாக முன்வந்து தருவதையும் ஒன்றாகக் கலந்து ஒரே தொகையாகக் காட்டும் வழக்கம் சேவைத் துறையில் உண்டு. அது பெருந்தன்மை போலத் தெரியும். உண்மையில் வாடிக்கையாளரின் பணத்தையே அவருக்குப் பரிசாகத் தருவதாகும். ஆகவே இரண்டையும் பிரித்தே எழுதுகிறேன். ரவுட்டரின் விலை, ஜூன் 3 முதல் ஜூலை 24 வரையிலான சேவைக் கட்டணம் ஆகிய இரண்டும் உங்கள் பணம். நிலையாக இயங்காத இணைப்புக்குக் கட்டணம் வாங்கியிருக்கக் கூடாது. அவற்றை நேற்று உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட்டோம். பரிவர்த்தனை எண்ணையும் கணக்கீட்டையும் இந்த மின்னஞ்சலுடன் இணைத்திருக்கிறேன். வங்கியில் வரவாக மூன்று வேலை நாட்கள் வரை ஆகலாம். இந்த முறை பணம் சரியான கணக்குக்குத்தான் போகிறதா என்பதை, உங்கள் வங்கிக் கணக்கின் கடைசி நான்கு எண்களோடு ஒப்பிட்டு நானே சரிபார்த்தேன்.

இவை நீங்கலாக, உங்கள் திட்டத்தின் மூன்று மாத முழுக் கட்டணத்தை நல்லெண்ண வரவாகக் கணக்கில் சேர்த்திருக்கிறேன். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மாத பில்களில் இது "நல்லெண்ண வரவு" என்று தனி வரியாகத் தெரியும். செலுத்த வேண்டிய தொகை பூஜ்யமாக இருக்கும். வங்கியிலிருந்து பிடித்தமும் நடக்காது. இதற்கு எந்த நிபந்தனையும் இல்லை. ஒப்பந்தக் காலத்தை நீட்டிக்கவோ, உயர்ந்த திட்டத்துக்கு மாறவோ, புகாரைத் திரும்பப் பெறவோ எவரும் உங்களிடம் கேட்க மாட்டார்கள். இந்த மூன்று மாதங்களுக்குள் எங்கள் சேவையே வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால், மீதி வரவைப் பணமாகவே வங்கிக்கு அனுப்பிவிடுவோம். இடையில் விலகுவதற்கான கட்டணத்தையும் வாங்க மாட்டோம். இது எழுத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன். வரவை ஏற்றுக்கொள்வதால் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் செல்லும் உங்கள் உரிமைக்கு எந்தக் குறைவும் வராது.

ஏன் மூன்று மாதம் என்று நீங்கள் கேட்கலாம். இதற்கென்று ஒரு சூத்திரம் எங்களிடம் இல்லை. ஒரு மாதக் கட்டணம் தருவதே வழக்கம். ஒரே கோளாறை இத்தனை முறை நீங்கள் விளக்க நேர்ந்த நிலையில் அது போதாது என்று எனக்குத் தோன்றியது. இது குறைவு என்று நீங்கள் கருதினால் தயங்காமல் சொல்லுங்கள். அதைப் பேரமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இனி என்ன மாறும் என்பதில், செய்து முடித்ததை மட்டும் சொல்கிறேன். அந்தப் பெட்டியில் உள்ள மற்ற இழைகளும் சரிபார்க்கப்பட்டு, மூடியும் மாற்றப்பட்டுவிட்டது. உங்கள் கணக்கில் பதிவாகும் எந்தப் புகாரையும், சரியாகிவிட்டது என்று நீங்கள் சொல்லாமல் முடிக்க முடியாதபடி குறிப்பு வைத்திருக்கிறேன். பணியாளர்களின் செயலியில் மூன்றாவது தேர்வு ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை, எப்போது வரும் என்ற தேதியும் என் கையில் இல்லை. அதுவரை, உங்கள் வீட்டுக்கு ஒரு பணியாளர் வருவதாக இருந்தால், அன்று காலை அவரே உங்களை அழைத்துப் பேசிவிட்டுத்தான் கிளம்புவார்.

ஆகஸ்ட் 7ஆம் தேதி வரை உங்கள் இணைப்பின் ஒளி அளவை எங்கள் பக்கமிருந்து தினமும் கவனித்து வருவோம். இதற்காக நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சிவப்பு விளக்கு மீண்டும் ஒருமுறை எரிந்தாலும், உதவி மையத்தை அழைக்காமல் இந்த மின்னஞ்சலுக்கே ஒரு வரி பதில் அனுப்புங்கள். அது நேரே எனக்கு வரும். நான் விடுப்பில் இருக்கும் நாட்களில் பார்ப்பவரும் உங்கள் கோப்பைப் படித்தவராகவே இருப்பார். எதையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
பொறுப்பாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பின்குறிப்பு: பழைய ரவுட்டரைத் திருப்பித் தருமாறு ஜூலை 28ஆம் தேதி உங்களுக்கு ஒரு நினைவூட்டல் போயிருக்கிறது. அந்த ரவுட்டர் ஜூன் 10 முதல் எங்களிடமேதான் இருந்திருக்கிறது, கிடங்கில் கிடைத்துவிட்டது. அந்தச் செய்தியைப் பொருட்படுத்த வேண்டாம்.