பேமென்ட் செயலிகளைச் சோதிக்கும் வேலை தேடுகிறேன்: சென்னை, கோவை அல்லது வீட்டிலிருந்தே

போன வாரம் எங்கள் சோதனைக் குழுவையே நிறுவனம் கலைத்துவிட்டது, அதில் என் வேலையும் போனது. வருத்தம்தான். ஆனால் கூட வேலை பார்த்தவர்கள்மேல் எனக்கு மரியாதை அப்படியே இருக்கிறது.

எட்டு வருடமாக யுபிஐ, கார்டு பரிவர்த்தனைகளைச் சோதித்து வருகிறேன். வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, கடைக்காரருக்குப் போய்ச் சேரவில்லை, நடுவில் சர்வர் பதில் சொல்லாமல் நின்றுவிட்டது என்றால் அந்தப் பணம் ஒழுங்காகத் திரும்புகிறதா, இரண்டு முறை திரும்பிவிடுகிறதா என்று தோண்டித் தோண்டிப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. ஜாவா, செலினியம், ஏபிஐ சோதனை எல்லாம் தினமும் கையாண்டவை. ஜூனியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்திருக்கிறேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு: கிளம்பும் முன் ரிலீவிங் லெட்டரைக் கையில் வாங்குங்கள், பிஎஃப் கணக்கில் வேலையை விட்ட தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாவிட்டால் பின்னால் பணம் எடுப்பதில் அலைச்சல். ஐந்து வருடம் தாண்டியவர்கள் கிராஜுவிட்டியைக் கேட்கத் தயங்க வேண்டாம், 30 நாளுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். அப்புறம் குழு மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியோடு முடிகிறது என்பதையும் எச்ஆரிடம் கேட்டு வையுங்கள், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இது ரொம்ப முக்கியம்.

சீனியர் சோதனைப் பொறியாளர் அல்லது குழுத் தலைவர் வேலை இருந்தால் எனக்கு மெசேஜ் அனுப்புங்கள், உடனே சேர முடியும். என் குழுவின் இரண்டு ஜூனியர்களும் தேடுகிறார்கள், கேட்டால் அவர்கள் ரெஸ்யூமையும் அனுப்புகிறேன்.